டொமைன் போன பிறகு கணக்கு யாருடையது?

பாஸ்வேர்டு மறந்துவிட்டது. திரையில், உங்கள் மீட்பு மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள் என்று வருகிறது. அந்த மின்னஞ்சல், படித்த கல்லூரி கொடுத்தது. அல்லது எப்போதோ விட்டு வந்த நிறுவனம் கொடுத்தது. கல்லூரியை மூடிவிட்டார்கள், நிறுவனம் கைமாறிவிட்டது, முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனே இப்போது இல்லை. அப்படியானால் அனுப்பிய எண் எங்கே போகிறது?

பலரும் அது எங்கும் போகாது, தொலைந்துபோகும் என்று நினைக்கிறார்கள். தொலைந்துபோவது இருக்கும் இரண்டு நிலைகளில் நல்ல நிலை. உங்களால் உள்ளே போக முடியாது, ஆனால் வேறு யாராலும் அந்த வழியில் போக முடியாது. மோசமான நிலை, அந்த எண் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்வது. மீட்பு எண் ஒரு மனிதருக்கு அனுப்பப்படுவதில்லை. அந்த டொமைனின் MX பதிவு இன்றைக்கு எந்த சர்வரைக் காட்டுகிறதோ அந்த சர்வருக்கு அனுப்பப்படுகிறது. டொமைனை இன்று யார் வைத்திருக்கிறாரோ அவரே MX பதிவை எழுதுகிறார். ஆக, மீட்பு மின்னஞ்சல் நிரூபிப்பது டொமைன் இன்று யார் கையில் என்பதை மட்டுமே. பத்தாண்டுக்கு முன் அந்தக் கணக்கைத் தொடங்கியவர் யார் என்பதை அது நிரூபிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் டொமைன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். .com, .org போன்றவை ஒரே நாளில் மறைவதில்லை. கெடு முடிந்த பிறகு 45 நாள் வரை பதிவாளர் அதை வைத்திருக்கலாம். அந்த நாட்களில் பழைய உரிமையாளர் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வழி உண்டு. பதிவாளர் நீக்கிவிட்டால் அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போதும் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். பிறகு 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதுவும் முடிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு கட்டளைகள் போதும். oldcollege.example என்ற இடத்தில் உங்கள் பழைய டொமைனை இடுங்கள்:

```
whois oldcollege.example
dig +short MX oldcollege.example
```

முதல் கட்டளையின் விடையில் redemptionPeriod என்று இருந்தால் பழைய உரிமையாளருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அது இல்லாமல் pendingDelete மட்டும் இருந்தால் கதை சில நாளில் முடிந்துவிடும். பதிவே இல்லை என்று வந்தால் அது சந்தையில் கிடக்கிறது. பதிவு இருந்து, அது தொடங்கிய தேதி நீங்கள் அங்கே படித்த காலத்துக்குப் பிந்தியதாக இருந்தால் கவனம் தேவை: டொமைன் ஒருமுறை செத்து, யாரோ புதிதாக வாங்கியிருக்கிறார்கள். பதிவு பழையது, ஆனால் இரண்டாவது கட்டளைக்கு விடை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் நிறுவனம் எங்கோ உயிரோடு இருக்கிறது, மின்னஞ்சலை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இந்த நிலைதான் இருப்பதிலேயே எளிது. வாங்கிய நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கோ, கல்லூரியை நடத்திய அறக்கட்டளைக்கோ எழுதி, அந்த ஒரு முகவரியை மட்டும் சில நாளுக்கு உங்கள் இப்போதைய முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லிக் கேட்கலாம். நிறுவனம் திவாலாகி இருந்தால் டொமைனும் அதன் சொத்துகளில் ஒன்று. ஆகவே கடிதம் போக வேண்டியது கலைப்பாளருக்கு.

இந்தியக் கல்லூரிகளில் ஒரு வேறுபாடு உண்டு. .ac.in, .edu.in முடிவுள்ள பெயர்களை எர்நெட் இந்தியா மட்டுமே பதிவு செய்கிறது. கல்வி நிறுவனங்களுக்குத்தான் தருகிறது. அதனால் மூடப்பட்ட கல்லூரியின் அத்தகைய பெயரை முன்பின் தெரியாத ஒருவர் கடையில் பொருள் வாங்குவதுபோல வாங்கிவிட முடியாது. ஆனால் தனியார் கல்லூரிகள் பல .com, .org, வெறும் .in பெயர்களை வைத்திருந்தன. பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து மூடப்பட்ட தமிழ்நாட்டில் இது கணிசமான பேரைத் தொடும் விஷயம்.

டொமைன் அந்நியர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு ஒன்றைப் பார்ப்போம். பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமான PyPI-இல் ctx என்றொரு சிறிய நிரல் தொகுப்பு இருந்தது. 2014-க்குப் பிறகு அதை யாரும் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் பலர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதை எழுதியவரின் கணக்கு அவருடைய சொந்த டொமைனில் இருந்த ஒரு மின்னஞ்சலோடு கட்டப்பட்டிருந்தது. அந்த டொமைனின் கெடு முடிந்தது. 2022 மே 14 அன்று வேறொருவர் அதை வாங்கினார். அன்றே பாஸ்வேர்டை மாற்றக் கோரிக்கை வைத்தார், இணைப்பு அவருடைய சர்வருக்கே வந்தது, கணக்கு அவருடையதாயிற்று. பிறகு வெளியிட்ட பதிப்புகளில், நிறுவியவரின் கணினியில் உள்ள சூழல் மாறிகளை, அதாவது இரகசியச் சாவிகள் வழக்கமாக வைக்கப்படும் இடத்தை, வெளியே அனுப்பும் வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பத்தே நாளில் கண்டுபிடித்து அகற்றினார்கள். இதில் எந்தப் பாஸ்வேர்டும் உடைக்கப்படவில்லை, எந்த நிரல் ஓட்டையும் பயன்படுத்தப்படவில்லை. ஒரு டொமைனின் விலை, அவ்வளவுதான்.

உங்கள் முகவரி புதிய உரிமையாளருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த டொமைனுக்கு எந்தப் பெயரில் அஞ்சல் வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி சர்வரை அமைக்க முடியும். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் கபோர் சாத்மாரி 2018-இல் இதைச் செய்து காட்டினார். பெயர் மாறிய, இணைந்துபோன சட்ட நிறுவனங்களின் கைவிடப்பட்ட டொமைன்களை வாங்கி அப்படிக் காத்திருந்தார். செய்தி மடல்கள், வங்கி அறிவிப்புகள், சமூக வலைத்தளங்களின் நினைவூட்டல்கள் தாமாகவே வந்து விழுந்தன. எந்த முகவரி, எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறது என்பதை அந்த அஞ்சல்களே சொல்லிக்கொடுத்தன.

இந்தச் சிக்கலை மின்னஞ்சல் உலகம் அறியாமல் இல்லை. 2013-இல் யாகூ, நீண்ட காலம் தொடாத முகவரிகளைப் புதியவர்களுக்கு மறுபடி கொடுக்க முடிவு செய்தபோது இதே கேள்வி எழுந்தது. பழையவருக்கான மீட்பு எண் புதியவருக்குப் போகுமே? யாகூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து ஒரு வழி வகுத்தன; அது 2014-இல் RFC 7293 என்ற தரமாக வெளிவந்தது. அனுப்பும் தளம் அஞ்சலின் தலைப்பில் Require-Recipient-Valid-Since என்று எழுதி ஒரு தேதியையும் இடும். இந்தத் தேதி முதல் இந்த முகவரி ஒரே ஆளிடம் இருந்தால் மட்டும் கொடு, இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்று அதற்குப் பொருள். நல்ல யோசனை. ஆனால் முகவரியின் வரலாற்றை நினைவில் வைத்திருக்கும், நேர்மையாகப் பதில் சொல்லும் ஓர் அஞ்சல் நிறுவனம் மறுமுனையில் இருக்க வேண்டும். டொமைனே கைமாறிவிட்டால் மறுமுனையில் இருப்பது புதிய உரிமையாளரின் சர்வர். அதற்குப் பழைய வரலாறு தெரியாது. தெரிந்தாலும் உண்மையைச் சொல்லக் காரணமில்லை. இறந்த டொமைனின் விஷயத்தில் இந்தத் தரம் கைகொடுக்காது.

அப்படியானால் வேறு எதை வைத்து இது என் கணக்கு என்று நிரூபிப்பது? பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது காகிதங்களைத்தான்: பட்டச் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, அனுபவக் கடிதம், ஆதார். இவை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது அந்தக் கணக்கு எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வருமான வரி மின்தாக்கல் தளத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வேலையில் சேர்ந்தபோது அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தவர்கள் ஏராளம். அந்த முகவரி போய்விட்டால் பதற வேண்டியதில்லை. அங்கே கணக்கு கட்டப்பட்டிருப்பது பான் எண்ணோடு. பான் ஆதாரோடு இணைந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றும் இடத்தில் ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி பெறலாம், டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைப் பயன்படுத்தலாம், சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கு வழியாகவும் போகலாம். வங்கியின் நெட்பேங்கிங் மூலமாகவே நேராக உள்ளே நுழையும் வழியும் உண்டு. நுழைந்ததும் சுயவிவரத்தில் மின்னஞ்சலை மாற்றிவிட வேண்டும். ஆதாரில் உள்ள மொபைல் எண்ணும் போய்விட்டிருந்தால், ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை கதவு அடைத்தாலும் கடைசியில் உங்கள் உடம்பே சான்றாக நிற்கும் ஏற்பாடு அது.

ஜிமெயில் அப்படியல்ல. கணக்குத் தொடங்கியபோது கூகுள் உங்கள் அடையாள அட்டையைப் பார்க்கவில்லை. நீங்கள் தட்டிய பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்று ஆதாரை நீட்டினாலும் அதை எதோடு ஒப்பிடுவது? பட்டச் சான்றிதழ், நீங்கள் அந்தக் கல்லூரியில் படித்ததை நிரூபிக்கும். இந்த மின்னஞ்சல் முகவரி அந்த மாணவருக்கு ஒதுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் இந்த ஜிமெயில் கணக்கின் மீட்பு முகவரியாக அதை இட்டவர் அந்த மாணவர்தான் என்பது நிரூபணமாகாது. காகிதத்தை நிராகரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: அடையாள அட்டைப் படத்தைத் திருடுவது மிக எளிது, அதை வைத்துக் கணக்கைத் திறந்துவிடும் ஏற்பாடு இருந்தால், முதலில் அதைப் பயன்படுத்துபவர்கள் மோசடிக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இத்தகைய கணக்கில் செல்லுபடியாகும் சான்று, கணக்கு உங்கள் கையில் இருந்த காலத்தில் நீங்கள் அதில் விட்டுவைத்த தடங்களே. ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். 2015-இல் பொறியியல் முடித்தவர். கல்லூரி நாளில் ஜிமெயில் தொடங்கி, மீட்பு மின்னஞ்சலாகக் கல்லூரி முகவரியையும், மீட்பு எண்ணாக அப்போதைய சிம் கார்டு எண்ணையும் கொடுத்தார். கல்லூரி மூடிவிட்டது. அந்த எண்ணையும் விட்டுவிட்டார். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்து வேறொருவருக்குப் போகலாம் என்பதால், டொமைனுக்கு உள்ள அதே நோய் மொபைல் எண்ணுக்கும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இப்போது அவர் போன் உடைந்து, புதிய போனில் உள்ளே போக முடியவில்லை.

அவர் செய்யக் கூடாதது, புதிய போனிலிருந்தே திரும்பத் திரும்ப முயல்வது. அடுக்கடுக்கான தோல்விகள் சந்தேகத்தைத்தான் கூட்டும். நண்பர் வீட்டிலிருந்தோ விபிஎன் போட்டோ முயல்வதும் அப்படியே. முதலில் தேட வேண்டியது, அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கும் வேறு ஏதாவது கருவி. பெற்றோர் வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியாக இருக்கலாம், வீடியோ பார்க்க வைத்திருக்கும் டேப்லெட்டாக இருக்கலாம். கிடைத்தால் அதில் லாக்அவுட் செய்துவிடக் கூடாது. பழைய பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கருவியில், அந்த பிரவுசரில், வழக்கமாகப் பயன்படுத்திய வீட்டு இணைய இணைப்பில் accounts.google.com/signin/recovery போக வேண்டும். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், மறந்துவிட்டது என்று தாண்டிப் போகாமல், நினைவிலுள்ளவற்றில் மிகச் சமீபத்தியதைச் சரியான எழுத்துகளோடு கொடுக்க வேண்டும். சில சமயம் கூகுள் சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லும். அந்த நேரத்தில் உண்மையான உரிமையாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேரட்டும் என்பதற்கான இடைவெளி அது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே போனபின் மீட்பு முகவரியை மாற்றினாலும், அடுத்த 7 நாள் வரை பழைய முகவரிக்கும் எண் அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் காட்டக்கூடும். பழைய டொமைன் அந்நியர் கையில் இருந்தால் அந்த ஒரு வாரம் விழிப்பாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் இதே தத்துவத்தைக் கேள்வித்தாளாக வைத்திருக்கிறது. account.live.com/acsr என்ற படிவம் பழைய பாஸ்வேர்டுகள், சமீபத்தில் யாருக்கு எழுதினீர்கள், அஞ்சலின் பொருள் வரி என்ன, நீங்களே உருவாக்கிய கோப்புறைகளின் பெயர் என்ன என்றெல்லாம் கேட்கும். ஆனால் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் இந்தப் படிவம் செல்லாது. பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டவர், மீட்பு வழி ஒன்றை இழக்கிறார். இது பலருக்கும் தெரியாமல் போவது வருத்தமான விஷயம். இரண்டடுக்கைப் போடும்போதே மீட்புக் குறியீட்டை அச்செடுத்து வைக்காவிட்டால் பின்னால் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

நமது பொறியாளருக்கு கிட்ஹப் கணக்கும் கல்லூரி முகவரியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிலைமை விசித்திரமானது. பாஸ்வேர்டு நினைவிருக்கிறது, ஆனால் இரண்டடுக்கு இல்லை என்றால், புதிய கருவியில் நுழையும்போது கிட்ஹப் மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பும்; அங்கேயே நின்றுவிடுவார். இரண்டடுக்கு இருந்து, குறியீடு தரும் செயலியோ மீட்புக் குறியீடுகளோ கையில் இருந்தால் மின்னஞ்சலே தேவைப்படாது. இரண்டும் இல்லாமல் போனால்? பழைய மடிக்கணினியின் வன்தட்டில் அவருடைய SSH சாவி இருக்கலாம். அதை இப்படிச் சோதிக்கலாம்:

```
ssh -T git@github.com
```

Hi என்று தொடங்கி அவருடைய பயனர் பெயரோடு பதில் வந்தால், இணையப் பக்கம் அவரை வெளியே நிறுத்தினாலும், கணக்கு அவரை இன்னும் அறிகிறது. அந்தச் சாவியால் களஞ்சியங்களை எடுக்கலாம், மாற்றங்களை ஏற்றலாம். கணக்கை மீட்க முடியாத நிலையிலும், ஒவ்வொரு களஞ்சியத்தின் முகப்புக் கோப்பிலும் இனி இந்தப் பணி இன்ன புதிய கணக்கில் தொடரும் என்று எழுதி ஏற்றிவிடலாம். பழைய கணக்கின் சாவியால் எழுதப்பட்ட வாக்குமூலம் அது. எந்தச் சான்றிதழையும்விட அந்தத் துறையினர் அதை நம்புவார்கள்.

உள்ளே போக முடிகிறவர்களுக்கும் கிட்ஹப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. கல்லூரி முகவரியை நீக்கிவிட்டால், அந்த முகவரியில் செய்த பழைய கமிட்டுகள் அவர்கள் பெயரிலிருந்து விலகிவிடும். அதனாலேயே பலர் செத்த முகவரியை விட்டுவைக்கிறார்கள். விட்டுவைக்கலாம், ஆனால் இப்போதைய முகவரியை முதன்மை முகவரியாக்கி, மின்னஞ்சல் அமைப்புகளில் Backup email address என்ற இடத்தில் Only allow primary email என்பதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அப்போது பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு செத்த முகவரிக்குப் போகாது, கமிட்டுகளும் பெயரில் நிற்கும்.

கடைசி வழியாகச் சிலர் சொல்வது, டொமைன் சந்தையில் கிடந்தால் நாமே வாங்கிவிடலாமே என்பது. தொழில்நுட்ப ரீதியில் இது வேலை செய்யும். ctx நிகழ்வில் வேலை செய்ததும் இதுதான். ஆனால் அதே பெயரில் உங்களோடு படித்த நூற்றுக்கணக்கானவர்களின் முகவரிகளும் இருந்தன. எல்லா அஞ்சலும் ஒரே பெட்டியில் விழும் அமைப்பை வைத்தால் அவர்கள் கணக்குகளின் சாவியும் உங்களிடம் வந்து சேரும். பிறருடைய பாஸ்வேர்டு, அடையாளக் குறிகளை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் சொந்த முகவரி ஒன்றை மட்டும் உருவாக்கி, மற்ற அஞ்சல்கள் அனைத்தும் திரும்பிப் போகும்படி வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்ததும் டொமைனை விட்டுவிட்டால் பழைய ஆபத்து அப்படியே திரும்பும். வாங்கியவர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்; தன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அந்த முகவரியை எடுத்த பிறகும், மற்றவர்களுக்காக.

இந்தச் சுமை தனியாட்கள் தலையில் விழுவது சரியல்ல என்பது என் கருத்து. தளங்களால் செய்யக்கூடியது என்ன என்பதை PyPI காட்டியிருக்கிறது. 2025 ஜூன் முதல் அது தன் பயனர்களின் மின்னஞ்சல் டொமைன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தானே பார்த்துவருகிறது. டொமைன் காலாவதிக் கட்டத்துக்குள் போனால், அந்த முகவரிக்குக் கொடுத்திருந்த சரிபார்க்கப்பட்டது என்ற தகுதியை எடுத்துவிடுகிறது. முதல் சில மாதங்களிலேயே 1,800-க்கு மேற்பட்ட முகவரிகள் அப்படித் தகுதி இழந்தன. பெரிய தளங்கள் எல்லாவற்றாலும் இதைச் செய்ய முடியும். Whois காட்டும் அதே நிலைக் குறிப்புகளைத்தான் அவையும் பார்க்க வேண்டும். இதற்கும் வரம்பு உண்டு. கெடு முடிவதற்கு முன்பே டொமைனை நேராக விற்றுவிட்டால், காலாவதிக் கட்டமே வராது. இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. அங்கே நம்ப வேண்டியது விற்பவரின் பொறுப்புணர்வை மட்டும்தான்.

கல்லூரியை மூட விண்ணப்பிக்கும் நிர்வாகம் மாணவர்களை வேறு கல்லூரிக்கு மாற்றுவது, சான்றிதழ்களை ஒப்படைப்பது என்று ஒரு பட்டியலை முடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் டொமைனும் சேர வேண்டும். மின்னஞ்சலை நிறுத்துவதற்கு ஆறு மாதம் முன்பாவது ஒவ்வொரு முகவரிக்கும் அறிவிப்பு போக வேண்டும். நிறுத்திய பிறகும் பெயரைப் பத்தாண்டுக்காவது கைவிடாமல் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். ஒரு .com பெயரைப் பத்தாண்டுக்கு மொத்தமாகவே முன்கூட்டிப் பதிவு செய்ய முடியும். அதற்கு ஆகும் செலவு, அந்தக் கல்லூரியில் ஒரு மாணவர் ஒரு பருவத்துக்குக் கட்டிய கட்டணத்தைவிடக் குறைவு.